நிலுவையில் நின்ற ரிலீஸ்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அலுவலகத்தில் யாருக்கும் கண் முழுதாகத் திறந்திருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் கன்ட்ரோல் ரூம் அக்கா போன் செய்தாள். நகரத்தின் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் அவள் மேற்பார்வையாளர். அதற்கு முன் பல வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள். குரலை உயர்த்தாமலே எதிராளியை நிமிர்ந்து உட்கார வைப்பாள்.

"காலையில சரி பண்ணிட்டோம்னு சொன்னீங்கல்ல? மறுபடி அதேதான் நடக்குது."

மேனேஜர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, கண்ணாடி அறைக்குள் மூன்று பேரைக் கையசைத்துக் கூப்பிட்டார். அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். பூட்டு வந்தாள். தாடி வந்தார். கடைசியாகச் சின்னவன், வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"அதேன்னா, எது அதே?"

"அதேன்னா அதேதான் சார். ஒரு அடுக்குமாடி. மூணாவது மாடியில ஒருத்தர் வழுக்கி விழுந்துட்டாருன்னு ஒரு கால். கொஞ்ச நேரத்துல ஏழாவது மாடியில ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு இன்னொரு கால். உங்க சிஸ்டம் ரெண்டையும் ஒண்ணாச் சேத்துட்டுது. வண்டி மூணாவது மாடிக்குப் போச்சு, கால் ஒடிஞ்சவரை ஏத்திட்டு வந்துட்டுது. அந்தம்மாவோட மகன் ரெண்டாந்தரம் கூப்பிட்டுக் கத்தினதுக்கப்புறம்தான் எங்களுக்கே தெரியும்."

"இப்ப அந்தம்மா எப்படி..."

"வண்டி போயிட்டிருக்கு. போய்ச் சேந்ததும் சொல்றேன். அதுவரைக்கும் ஒவ்வொரு காலையும் எங்க ஆளுங்க கண்ணால பாத்துத்தான் அனுப்புறாங்க. சாயங்காலம் ரோடு நிறைஞ்சா அது நடக்காது. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

போன் வைக்கப்பட்டது. மற்ற மூவரின் கண்களும் சின்னவன் மேல் போயின. திருத்தம் எழுதியவன் அவன்தான்.

அழைப்புகளைச் சேர்ப்பது தவறல்ல. நடுரோட்டில் ஒரு விபத்து என்றால் போகிற வருகிறவர்கள் அத்தனை பேரும் போன் செய்வார்கள். அத்தனையும் ஒரே விபத்துக்குத்தான் என்று மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். ஆனால் ஒரே கட்டடத்தில் இரண்டு வீடுகளில் இரண்டு பேருக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம் என்பது அதற்குத் தெரியாமல் இருந்தது. மாடியும் வீட்டு எண்ணும் வேறாக இருந்தால் சேர்க்காதே என்பதுதான் சின்னவனின் திருத்தம். சிறியது. டெஸ்ட்டில் தேறியது. ஒத்திகை சர்வரில் தேறியது. காலையில் பூட்டு வரி வரியாகப் படித்து, அழைப்பு மையம் பயன்படுத்தும் நிஜ சர்வருக்குப் போக ஒப்புதல் கொடுத்திருந்தாள். அதற்குப் பிறகு மத்தியானம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பூட்டு என்பது டீம் வைத்த பெயர். முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் தான் எழுதிய நிரலை நேராக நிஜ சர்வருக்குத் தள்ளலாம். ஒருமுறை யாரோ எதையோ தள்ளி அழைப்பு மையமே படுத்துக்கொண்டது. எது ஓடிக்கொண்டிருக்கிறது, யார் ஏற்றியது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சண்டை போட்டு இந்த ஒப்புதல் படியை வைத்தவள் அவள். பில்டும் டெஸ்ட்டும் தானாக நடக்கும். மாற்றங்களை ஏற்றிச் செல்லும் பைப்லைன் நிஜ சர்வரின் வாசலில் நின்றுவிடும். மாற்றத்தைக் கேட்டவரைத் தவிர இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் நகரும். யார், எப்போது, எந்தப் பதிப்புக்கு, என்ன காரணம் சொல்லி ஒப்புதல் கொடுத்தார் என்பது பதிவாகும். அந்தப் பதிவை யாராலும் திருத்தவோ அழிக்கவோ முடியாது. ஒப்புதல் கொடுக்கும் உரிமை இரண்டே பேருக்கு. அவளுக்கும், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் தாடிக்கும்.

தாடிக்கு அந்தப் படி ஆரம்பத்திலிருந்தே ஆகாது. "நல்லாப் போற வண்டிக்கு நடுவுல ஒரு செக்போஸ்ட்டு" என்பார்.

சின்னவனைப் பூட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவனாக மட்டும்தான் பார்க்க வேண்டும். ஆனால் அவன் அவளுடைய கணவனின் தம்பி. அலுவலகத்தில் "மேடம்", வாசலைத் தாண்டினால் "அண்ணி". அவன் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தான். பழைய கம்பெனி மூடிய பிறகு வீட்டில் உட்கார்ந்திருந்தவன். கைக்குழந்தை வேறு. இந்த வேலையும் போனால் என்ன ஆகும் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

"டெஸ்ட்டுல எல்லாம் சரியாத்தான் சார் இருந்துச்சு" என்றான் சின்னவன்.

"டெஸ்ட்டுல சரியா இருந்தா என்னய்யா? அங்க ஒரு பொம்பளை மூச்சு விட முடியாமக் கிடக்கு." மேனேஜர் எழுந்து நின்றார். "உன் லாஜிக்கு ஓட்டை. அவ்வளவுதான். இப்ப என்ன வழி?"

சின்னவன் அவசரமாகச் சொன்னான்: "சேக்குற வேலையையே மொத்தமா நிறுத்திடலாம் சார். ஒரே வரி. ஒவ்வொரு காலுக்கும் தனித்தனி வண்டி."

"பண்ணு."

"டெஸ்ட்டெல்லாம் ஓடி முடிய நேரமாகும் சார்."

"டெஸ்ட் வேண்டாம். தாடி, அவசர வழியில ஏத்துங்க."

அவசர வழி என்பது ஒப்புதல் படியைத் தாண்டிப் போகும் வழி. தாடி ஒருவரால் மட்டும் திறக்க முடியும். திறந்தால் அதுவும் பதிவாகும். இதுவரை யாரும் திறந்ததில்லை.

"சார்," என்றாள் பூட்டு, "மொத்தமா நிறுத்தினா, ரோட்டுல ஒரு பஸ் கவுந்தா முப்பது பேர் போன் பண்ணுவாங்க. முப்பது வண்டி அங்கேயே போய் நிக்கும். ஊர்ல வேற யாருக்கும் வண்டி இருக்காது."

"பஸ் கவுந்தா அப்பப் பாத்துக்கலாம்மா. மாடியில இருக்கிறவளுக்கு இப்பப் பதில் சொல்லு."

சின்னவன் ஏற்கெனவே தன் இடத்துக்கு ஓடிவிட்டான். கண்ணாடி வழியாக அவன் முதுகு தெரிந்தது. கீபோர்டை அடிக்கும் வேகத்தில் தோள்பட்டை குலுங்கிக்கொண்டிருந்தது.

பூட்டு தன் மேஜைக்குப் போனாள். அவள் மனதில் ஒன்றுதான் உறுத்தியது. காலையிலிருந்து மத்தியானம் வரை சரியாக இருந்தது. லாஜிக்கில் ஓட்டை என்றால் காலையிலேயே ஒழுகியிருக்க வேண்டும். சோற்று நேரம் வரை காத்திருக்க ஓட்டைக்கு என்ன மரியாதை?

நிஜ சர்வரில் ஓடும் பதிப்பு எது என்று பார்த்தாள். ஒவ்வொரு பதிப்புக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீள அடையாளம் உண்டு. காலையில் அவள் ஒப்புதல் கொடுத்ததன் அடையாளம் அவளுக்கு நினைவிருந்தது. திரையில் இருந்தது அது இல்லை.

முதலில் தப்பாகப் படிக்கிறோம் என்று நினைத்தாள். மறுபடி படித்தாள். ஒப்புதல் பதிவைத் திறந்தாள்.

காலையில் ஓர் ஒப்புதல். அவள் பெயர். கருத்துப் பெட்டியில் நாலு வரி. என்ன படித்தாள், எந்த டெஸ்ட்டைப் பார்த்தாள் என்று எல்லாம் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் இன்னொன்று. அதுவும் அவள் பெயர். கருத்துப் பெட்டியில் இரண்டு சொல்: "ஏற்கெனவே பார்த்தது."

அதன் அடையாளமும் சர்வரில் ஓடுவதும் ஒன்றாக இருந்தன.

நடந்தது இவ்வளவுதான். நேற்று சின்னவன் ஏதோ ஒரு அறிக்கையின் தலைப்பை மாற்றியிருந்தான். அதற்கான ரிலீஸ் ஒப்புதலுக்காக வாசலில் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. இன்று காலை அழைப்புத் திருத்தம் வந்தது. அது புதிய ரிலீஸ். நேற்றைய தலைப்பு மாற்றமும் அதற்குள்ளேயே அடக்கம். அவசரம் என்பதால் புதியதைப் படித்து அனுப்பினாள். பழையது அப்படியே நிலுவையில் நின்றது. சாப்பிடும்போது நினைவூட்டும் மெயில் வந்தது: ஒரு ரிலீஸ் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. ஒரு கையில் ஸ்பூனும் ஒரு கையில் போனுமாகப் பார்த்தாள். நிராகரித்திருக்க வேண்டும். நிராகரித்தால் மாற்றம் எழுதியவர் பெயருக்கு எதிரே சிவப்பு விழும். மாத அறிக்கையில் மேனேஜர் அந்தச் சிவப்பைத்தான் எண்ணுவார், காரணத்தைப் படிக்க மாட்டார். தகுதிகாண் காலத்தில் இருப்பவனுக்கு எதற்கு வீண் சிவப்பு? எப்படியும் உள்ளே போய்விட்ட தலைப்புத்தானே? ஒப்புதல் தரும் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

பழைய ரிலீஸில் தலைப்பு மாற்றம் இருந்தது, அழைப்புத் திருத்தம் இல்லை. பைப்லைனுக்கு அது பழையது என்று தெரியாது. சொன்ன சொல்லைக் கேட்டது. புதியதை இறக்கிவிட்டுப் பழையதைத் தூக்கி நிஜ சர்வரில் வைத்தது. எல்லா விளக்கும் பச்சை. திருத்தம் போன இடம் தெரியவில்லை.

எதிரே சின்னவன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான். தன் லாஜிக்கில் இல்லாத ஓட்டையை அடைக்கிறான். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்கச் சேர்ப்பது நின்றுவிடும், டெஸ்ட் பார்க்காத ஒரு வரியால். பழி அவன் மேல். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது என்றும் சொல்ல முடியாது. பதிவு அங்கேயே இருக்கும். என்றைக்காவது யாராவது பார்ப்பார்கள். ஆனால் இன்றைக்கு யாரும் பார்க்க மாட்டார்கள். அதுவும் அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் அவளோடு அந்தப் படியும் சேர்ந்து போகும். செக்போஸ்ட்டில் உட்கார்ந்தவளே வண்டியைக் கவிழ்த்தாள் என்றால், செக்போஸ்ட்டை யார் வைத்திருப்பார்கள்?

யோசித்தது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரம் யோசித்தாள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். "நிறுத்துங்க. அவன் திருத்தம் தப்பில்ல. அது சர்வர்லயே இல்ல."

"என்ன?" என்றார் மேனேஜர்.

"மத்தியானம் பழைய ரிலீஸ் ஒண்ணுக்கு நான் ஒப்புதல் குடுத்துட்டேன். அது போய்த் திருத்தத்தை அழிச்சிட்டுது. நான்தான்."

தாடி தன் மடிக்கணினியில் பதிவைத் திறந்து, படித்து, மெல்ல விசிலடித்தார்.

"ஏற்கெனவே பார்த்தது," என்று உரக்கப் படித்தார். "என்னை எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கே பூட்டு, கருத்து ஒழுங்கா எழுதலன்னு?"

"நிறைய தடவை."

"ஆக, இவ்வளவும் நீ வச்ச அந்த ஒப்புதல் பூட்டாலதான்," என்றார் மேனேஜர். "பூட்டு இல்லேன்னா அந்தப் பழையது நேத்தே போயிருக்கும், இன்னிக்குத் திரும்பி வந்திருக்காது."

"ஆமா சார். அதை அப்புறம் பேசலாம். இப்ப காலையில போன ரிலீஸையே மறுபடி ஏத்தினாப் போதும். புதுசா எதுவும் எழுத வேண்டாம். டெஸ்ட் ஆனது, ஓடிப் பாத்தது. நான் கேக்கறேன். அதனால நான் ஒப்புதல் குடுக்க முடியாது. அவர்தான் குடுக்கணும்."

தாடியைப் பார்த்தாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அவசர வழி வேண்டாமா?"

"வேண்டாம். வாசல் வழியாவே போகட்டும்."

கோரிக்கையை அனுப்பினாள். காரணப் பெட்டியில் எழுதினாள்: காலையில் போன திருத்தம், நான் பழைய ரிலீஸுக்குப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்ததால் அழிந்தது. அதே பதிப்பை மீண்டும் ஏற்ற வேண்டும்.

தாடியின் திரையில் அது வந்து நின்றது. அவர் அழுத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"காலையில போன பதிப்போட அடையாளம் என்ன?"

"பதிவுல இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான்."

"நீ சொன்னாப் போதுமா? படி."

அவள் எழுத்து எழுத்தாகப் படித்தாள். அவர் விரலை வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். பாதியில் தடம் மாறி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மேனேஜர் மேஜையைத் தட்டினார். "யோவ், அழுத்தும்யா!" தாடி திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டுக்கு அந்த மனிதனின் விரலைப் பிடித்துத் தானே அழுத்திவிடலாம் போல இருந்தது. ஒப்புதல் கேட்டு நின்றவர்கள் எல்லாம் இத்தனை நாளும் தன் முதுகுக்குப் பின்னால் இப்படித்தான் பல்லைக் கடித்திருப்பார்கள் என்பது முதல் தடவையாகப் புரிந்தது.

"இதுக்கும் இப்ப ஓடுறதுக்கும் வித்தியாசம் காட்டு."

காட்டினாள். சின்னவனின் திருத்தம் மட்டும். வேறு ஒன்றும் இல்லை.

"டேட்டாபேஸ்ல ஏதாவது மாறுதா?"

"இல்ல."

"வேற எதாவது நிலுவையில நிக்குதா?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. பார்த்தாள். சின்னவனின் ஒரு வரி, பில்ட் முடிந்து, அப்போதுதான் வரிசையின் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது.

"அதை ரத்து பண்ணச் சொல்லு. அப்பத்தான் அழுத்துவேன்."

"டேய், அதை ரத்து பண்ணு!" என்று கத்தினாள். அலுவலகத்தில் அவள் அவனை டேய் என்றது அன்றுதான். அவன் ஏன் என்று கேட்காமல் ரத்து செய்தான்.

தாடி கருத்துப் பெட்டியில் இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினார். அழுத்தினார்.

சர்வர்கள் ஒவ்வொன்றாக மாறின. கடைசி சர்வரும் மாறியது. ஓடும் அடையாளத்தைத் தாடி மறுபடி ஒருதரம் சரிபார்த்தார். பிறகு மேனேஜர் கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டார். ஒரே கட்டடத்தில் வேறு வேறு மாடியிலிருந்து இரண்டு சோதனை அழைப்புகள் போட்டுப் பார்த்தார்கள். இரண்டும் தனித்தனியாக வந்தன.

"அந்தம்மா?" என்று கேட்டாள் பூட்டு. யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரியில சேத்தாச்சு," என்றாள் அக்கா. "உசிரு இருக்கு. மத்ததை நாளைக்குத்தான் சொல்லுவாங்க. லேட்டாப் போன வண்டிக்கு ஒரு விலை இருக்குல்ல? யாரால ஆச்சு?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "ஒரு ப்ராசஸ் பிரச்சினை மேடம்."

"ப்ராசஸுக்கு வீடு இருக்கா, விலாசம் இருக்கா? ஆள் பேரு சொல்லுங்க சார்."

"நான்தான் அக்கா," என்றாள் பூட்டு. "பழைய ரிலீஸுக்குப் படிக்காம ஒப்புதல் குடுத்தேன்."

"சரி," என்றாள் அக்கா. "போன தடவை எல்லாம் படுத்தப்ப யாருன்னு எங்களுக்குக் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. இதை எழுத்துல அனுப்புங்க." வைத்துவிட்டாள். மன்னிப்பும் இல்லை, திட்டும் இல்லை.

மேனேஜர் கையைப் பிசைந்தார். "பூட்டை எடுத்துடலாம்னுதான் இருந்தேன். இப்ப கன்ட்ரோல் ரூம் மேடம் எழுத்துல கேக்குது. பதிவு இல்லேன்னா எதை அனுப்புறது? பூட்டு இருக்கட்டும். ஆனா நீ இருக்க வேண்டாம். ஒப்புதல் பட்டியல்லேர்ந்து உன் பேரை எடுத்துடறேன். சரியா?"

"சரி சார்."

சின்னவன் வாசலில் நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருப்பான். "எதுக்கு அண்ணி?" என்றான். மேடத்தை மறந்துவிட்டான். "அது என் ரிலீஸ், எனக்குச் சிவப்பு விழக்கூடாதுன்னுதானே அழுத்தினீங்க? விழுந்தா விழட்டும்னு விட்டிருக்கலாமே. நான் கேட்டேனா?"

"கேக்கல."

"என்னைக் காப்பாத்தறேன்னு என்னையே பலி குடுக்கப் பாத்தீங்க."

அவன் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை.

ஒப்புதல் கொடுப்பவர்களின் பட்டியலும் ஒரு கோப்புத்தான். அதை மாற்றுவதும் அதே பைப்லைன் வழியாகத்தான் போக வேண்டும். தாடி கோரிக்கை போட்டார். போட்டவர் அவரே என்பதால் அவர் ஒப்புதல் கொடுக்க முடியாது. உரிமை இருப்பது இரண்டே பேருக்கு. ஆக, அவள் பெயரை எடுக்கும் ரிலீஸ் அவளிடமே வந்து நின்றது.

"கொடுமைதான்," என்றார் தாடி, உண்மையிலேயே சங்கடப்பட்டு. "கண்ணை மூடிட்டு அழுத்திடு."

"கண்ணை மூடிட்டு அழுத்தித்தானே இங்க வந்திருக்கேன்."

திறந்து படித்தாள். பழைய நிலுவை ரிலீஸ்களைத் தானாக ரத்து செய்யும் அமைப்பையும் தாடி சேர்த்திருந்தார். புதியது போனதும் பழையது விலகிவிடும். அது சரியாக இருந்தது. அடுத்து, அவள் பெயர் நீக்கப்பட்ட வரி. இரண்டாம் தடவை படித்தாள். நிராகரித்தாள்.

தாடி துள்ளி எழுந்தார். "அடிப்பாவி! உன் பேரைக் காப்பாத்திக்க..."

"பட்டியல்ல உங்க பேரு மட்டும்தான் மிஞ்சுது. நாளைக்கு நீங்க ஏதாவது கேட்டா யார் ஒப்புதல் குடுப்பா? எல்லாம் வாசல்லயே நிக்கும். இல்லேன்னா தினமும் அவசர வழிதான். காரணம் எழுதியிருக்கேன், படிங்க."

தாடி படித்தார். உட்கார்ந்தார். அவர் பெயருக்கு எதிரே சிவப்பு விழுந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "பேய்டி நீ," என்றார். குரலில் கோபம் அவ்வளவாக இல்லை. "யார் பேரைப் போடட்டும்?"

"படிக்கிறவர் யாராவது."

தாடி கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் போனில் யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "அவர் படிக்க மாட்டாரே."

"இன்னிக்கு அக்கா பேசினதுக்கப்புறம் படிப்பார். இல்லேன்னா அடுத்த தடவை அவர் பேரு போகும் எழுத்துல."

மேனேஜரின் பெயரோடு கோரிக்கை திரும்பி வந்தது. அவள் அடையாளத்தைச் சரிபார்த்தாள். ஒத்திகை சர்வரில் பட்டியல் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள். வேறு ஏதாவது நிலுவையில் நிற்கிறதா என்று பார்த்தாள். கருத்துப் பெட்டியில் என்னென்ன பார்த்தாள் என்று எழுதினாள். கடைசி வரியாக, நீக்கப்படுவது என் பெயர், நீக்குவது சரி என்று சேர்த்தாள். அழுத்தினாள்.

திரை ஒருதரம் புதுப்பித்துக்கொண்டது. பதிவுகள் எல்லாம் முன்போலவே தெரிந்தன. பச்சைப் பொத்தான் இருந்த இடம் மட்டும் காலியாக இருந்தது.